ஒரே சிட்டிங்கில் வெண்மை: டெட்ராசைக்ளின் கறை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் மேல் வரிசை முன்பற்களின் நடுவிலிருந்து ஈறு வரை, சிறுவயது முதலே ஒரு சாம்பல் நிறப் பட்டை உண்டு. சென்ற ஆண்டு, "ஒரே சிட்டிங்கில் வெண்மை" என்று விளம்பரம் செய்திருந்த ஒரு பல் மருத்துவமனையில் 12,000 ரூபாய் கட்டினேன். கறை எதனால் வந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மருந்து தடவி, விளக்கொளி காட்டி, ஒரு மணி நேரத்தில் கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது பற்கள் உண்மையிலேயே வெளுத்திருந்தன. இரண்டே நாளில் வெளுப்பு பெரும்பாலும் மங்கியது, மூன்று வாரத்தில் பட்டை பழையபடி தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்டபோது, எட்டுப் பற்களுக்கு வெனீர், அதாவது பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு, போட்டால் சரியாகிவிடும் என்றார்கள்.

அதற்கு முன் வேறொரு மருத்துவரிடம் காட்டியது நல்லதாயிற்று. அவர் முதலில் என் அம்மாவைத்தான் விசாரித்தார். எனக்கு இரண்டு மூன்று வயதில் அடிக்கடி காய்ச்சலும் இருமலும் வந்து, டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்ததாக அம்மா நினைவுகூர்ந்தார். நிலையான முன்பற்களின் வெளித்தெரியும் பகுதி, குழந்தை பிறந்த சில மாதங்களில் தொடங்கி நான்கைந்து வயது வரை ஈறுக்குள் உருவாகிறது. அப்போது உட்கொண்ட டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு பிணைந்து, பல்லின் மேற்பூச்சான எனாமலுக்குக் கீழுள்ள டென்டின் என்ற உள்ளடுக்கில் படிந்துவிடுகிறது. முதலில் மஞ்சளாக இருப்பது, வெளிச்சம் படப்படச் சாம்பலாகவோ பழுப்பாகவோ மாறுகிறது. முன்பற்கள் அதிகம் கறுப்பது இதனால்தான். எட்டு வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இம்மருந்தைப் பொதுவாகத் தவிர்ப்பதும் இதனால்தான். தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் வரும் கறை வேறு வகை: அது எனாமலில் இருப்பதால், லேசானதாக இருந்தால் மேற்பரப்பை மெல்லத் தேய்த்தே குறைக்கலாம். என் கறைக்கு அது பயன்படாது.

அந்த ஒரு மணி நேர வெண்மையில் பெரும்பகுதி, பல் உலர்ந்ததால் ஏற்பட்ட தோற்றமாம். எச்சில் ஊறியதும் அது போய்விடும். ஆகவே, சிகிச்சைக்கு முன்பு நிற அட்டையை வைத்துப் படமெடுத்து, இரண்டு வாரம் கழித்து அதே அட்டையோடு ஒப்பிடாமல் யாரும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம்.

வெனீரை உடனே போட வேண்டாம் என்றதற்கும் காரணம் சொன்னார். மெல்லிய பீங்கானின் ஊடே சாம்பல் நிறம் தெரியும். அதை மறைக்க, பல்லை ஆழமாகச் சீவ வேண்டும், அல்லது ஒளி புகாத, உயிரற்ற வெள்ளையைப் பூச வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது.

அதற்குப் பதிலாக, என் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த உறையில், பல்லை வெளுக்க வைக்கும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் இட்டு, மேல் வரிசைக்கு மட்டும் ஆறு மாதம் இரவுதோறும் அணிந்தேன். கீழ் வரிசையை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தோம். பல் கூசிய நாட்களில் ஓரிரவு விட்டு ஓரிரவு போட்டேன். நடுப்பகுதியின் சாம்பல் வெளிர் மஞ்சளாயிற்று. ஈறை ஒட்டிய பகுதி மட்டும் அவ்வளவாக மசியவில்லை, அது அப்படித்தான் இருக்கும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். ப்ளீச்சிங் முடிந்த உடனே ஒட்டினால் பிடிப்பு குறையும் என்பதால் இரண்டு வாரம் பொறுத்து, நடுவிலுள்ள இரண்டு பற்களுக்கு மட்டும் கம்போசிட் என்ற பல் நிறப் பிசினைப் பூசினார். சிரிக்கும்போது என் மேலுதடு ஈறு வரை ஏறுவதில்லை என்பதால், மற்றவற்றைத் தொட வேண்டியிருக்கவில்லை.

முதல் மருத்துவமனையில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்" என்று நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். அதில் கறையின் வகையை எழுதவேண்டிய இடம் காலியாகவே இருந்தது.