ஆஸ்திரேலிய மாணவர் விசாவில் படிப்பை மாற்றுவது: காத்திருப்பதா, ரிலீஸ் கேட்பதா, உள்ளேயே மாறுவதா, கீழே இறங்குவதா?

மெல்பர்னிலோ சிட்னியிலோ மாஸ்டர்ஸ் சேர்ந்து, முதல் செமஸ்டர் முடிவதற்குள் "இந்த யூனி சரிப்படல, மாறிடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. ஃபீஸ் தாங்கவில்லை, பாடம் ஒத்துவரவில்லை, ஏஜென்ட் சொன்னது ஒன்று இங்கே இருப்பது வேறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பதில் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "ஆறு மாசம் முடிச்சிட்டா எங்க வேணா போலாம்." இது பாதிதான் சரி. ஆறு மாதக் கணக்கு என்பது கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் விதி: முதல் ஆறு மாதத்துக்குள், ரிலீஸ் என்று சொல்லும் பழைய கல்லூரியின் ஒப்புதல் இல்லாமல் வேறு கல்லூரி உங்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. உங்கள் விசாவில் இருக்கும் நிபந்தனைகள் வேறு, அவை ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும்.

சப்கிளாஸ் 500 விசாவில் இந்த விஷயத்துக்கு முக்கியமானவை இரண்டு. 8202 என்ற நிபந்தனைப்படி நீங்கள் எப்போதும் பதிவு பெற்ற ஒரு முழுநேரப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும், ஒழுங்காகத் தேறியும் வர வேண்டும், அந்தப் படிப்பு எந்த நிலைக்கு விசா கொடுத்தார்களோ அதே நிலையிலோ அதற்கு மேலேயோ இருக்க வேண்டும். நிலை என்பது அந்நாட்டுத் தகுதிச் சட்டகத்தின் எண்: டிப்ளமா 5, இளநிலைப் பட்டம் 7, கிராஜுவேட் டிப்ளமா 8, மாஸ்டர்ஸ் 9, முனைவர் பட்டம் 10. முனைவர் பட்டத்திலிருந்து மாஸ்டர்ஸுக்கு இறங்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டாவது 8533: கல்லூரி மாறினால், புதிய இடத்தின் சேர்க்கை உறுதிச் சான்று (எல்லோரும் சிஓஇ என்கிறோமே, அதுதான்) கைக்கு வந்த 7 நாளுக்குள் பழைய கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு மாறினாலும் அதே 7 நாள்தான். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி காத்திருப்பது. மதுரையிலிருந்து வந்த ஒருவர் 2025 ஜூலை 21 அன்று இரண்டு வருட டேட்டா சயன்ஸ் மாஸ்டர்ஸ் தொடங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் என்பது காலண்டர் மாதம், செமஸ்டர் கணக்கு கிடையாது. ஆகவே 2026 ஜனவரி 21-க்குப் பிறகு வேறு பல்கலைக்கழகம் இவரைச் சேர்த்துக்கொள்ள பழைய இடத்தின் ரிலீஸ் தேவையில்லை. அடுத்த செமஸ்டர் பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் தொடங்குவதால் தேதிகள் அழகாகப் பொருந்திவிடுகின்றன. ஜூலையில் வந்தவர்களுக்கு என் கருத்தில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. மாஸ்டர்ஸிலிருந்து மாஸ்டர்ஸுக்குப் போகிறார், நிலை மாறவில்லை, எனவே இப்போதைக்குப் புதிய விசாவும் வேண்டாம். உள்துறைக்குத் தனியாக விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை. கல்லூரிகள் ப்ரிஸ்ம்ஸ் என்ற அரசுத் தளத்தில் பதிவதை உள்துறை பார்த்துக்கொள்கிறது.

"இப்போதைக்கு" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிஓஇ மாறினால் விசா காலாவதித் தேதி தானாக நீளாது. இவருடைய பழைய படிப்பு 2027 ஜூன் கடைசியில் முடிவதாக இருந்தால், விசா வழக்கமாக அதற்கு மேல் இரண்டு மாதம், அதாவது ஆகஸ்ட் கடைசி வரை இருக்கும். புதிய இடத்தில் கிரெடிட் எதுவும் தராமல் 2026 மார்ச்சில் முதலிலிருந்து தொடங்கினால் படிப்பு 2027 நவம்பர் வாக்கில்தான் முடியும். நடுவில் இன்னொரு மாணவர் விசா போட வேண்டும், 2025 ஜூலையிலிருந்து அதன் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர், கூடவே நீளும் காலத்துக்கு மருத்துவக் காப்பீடும். அதே ஆள் தேறிய நான்கு பாடங்களுக்கும் கிரெடிட் வாங்கிவிட்டால் மூன்று செமஸ்டர்தான் மிச்சம், 2027 ஜூனிலேயே முடிந்துவிடும், பழைய விசாவே போதும். ஆகவே ஆஃபர் லெட்டர் வந்ததும் ஃபீஸைப் பார்ப்பதற்கு முன்னால் கிரெடிட் எத்தனை பாடத்துக்கு, படிப்பு முடியும் தேதி என்ன என்று பாருங்கள். வருடத்துக்கு மூவாயிரம் டாலர் குறைவு என்று மாறி, ஒரு செமஸ்டர் ஃபீஸும் விசாக் கட்டணமும் கூடுதலாகக் கட்டினால் என்ன லாபம்?

இன்னொரு கண்ணி, ஆறு மாதம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. அது பிரதானப் படிப்பின் தொடக்கத்திலிருந்து. ஆங்கில வகுப்பு, டிப்ளமா, பிறகு பட்டம் என்று பேக்கேஜாக வந்தவருக்குப் பொதுவாகக் கடைசியில் வரும் பட்டம்தான் பிரதானப் படிப்பு. ஒரு வருடமாக இங்கே டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாலும் அவருடைய ஆறு மாதம் இன்னும் தொடங்கவே இல்லை.

இரண்டாவது வழி, ஆறு மாதத்துக்கு முன்பே ரிலீஸ் கேட்பது. பிப்ரவரியில் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிப்ரவரி 23-இல் தொடங்கினால் ஆறு மாதம் ஆகஸ்ட் 23-இல் முடிகிறது, இரண்டாம் செமஸ்டரோ ஜூலை கடைசியில் தொடங்கிவிடுகிறது. ஒரு மாத வித்தியாசத்தில் வண்டி போய்விடும். டிரைமெஸ்டர் முறை இருக்கும் இடம் கிடைத்தால் தப்பலாம். இல்லையென்றால் ரிலீஸ்தான், அல்லது அடுத்த பிப்ரவரி வரை பொறுக்க வேண்டும்.

ரிலீஸ் எழுத்தில் கேட்க வேண்டும், புதிய இடத்தின் செல்லுபடியாகும் ஆஃபர் லெட்டரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தேசிய விதிமுறையில் ரிலீஸ் தரவேண்டிய சூழல்கள் எழுதியே இருக்கின்றன: உடல்நலம், குடும்பம் போன்ற வலுவான காரணங்கள், ஒப்பந்தத்தில் சொன்னபடி கல்லூரி படிப்பை நடத்தாதது, கல்லூரியோ ஏஜென்டோ தவறான தகவல் தந்தது, உதவித் திட்டத்தில் கலந்துகொண்டும் படிப்பில் தேற முடியாமல் புகார் செய்யப்படும் நிலையில் இருப்பது. "ஃபீஸ் அங்கே கம்மி" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மூன்று பக்கத்துக்குக் கஷ்டத்தை எழுதுவதைவிட, ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸப் செய்தியில் "இந்தப் பாடம் இருக்கும்" என்று இருந்து, பாடத்திட்டத்தில் அது இல்லை என்று காட்டும் இரண்டு ஸ்கிரீன்ஷாட் அதிகம் வேலை செய்யும்.

ரிலீஸுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், நீங்கள் 20 வேலை நாளுக்குள் கல்லூரிக்குள்ளேயே மேல்முறையீடு செய்யலாம். அங்கும் மறுத்தால் வெளியே போகலாம். பல்கலைக்கழகங்களுக்கு 2025 பிப்ரவரியிலிருந்து தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இதெல்லாம் நடக்கும்போது வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ரிலீஸ் கேட்டாயிற்று என்று வீட்டில் உட்கார்ந்துவிடும் ஆள்தான் வருகைக்கும் தேர்ச்சிக்கும் மாட்டுவார்.

மூன்றாவது வழி பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதே பல்கலைக்கழகத்துக்குள் டேட்டா சயன்ஸிலிருந்து சைபர் செக்யூரிட்டிக்குப் போவதென்றால் ரிலீஸ் வேண்டாம், அவர்களே பழைய சிஓஇயை ரத்து செய்து புதியதைத் தருவார்கள். பிரச்சினை பாடத்தில் மட்டும்தான், கல்லூரியில் இல்லை என்றால் முதலில் இதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு இடம் கவனம்: மாஸ்டர்ஸ் கஷ்டமாக இருக்கிறதென்று உள்ளேயே கிராஜுவேட் டிப்ளமாவுக்கு மாறினால், கல்லூரி அதேதான், பாடங்களும் ஏறக்குறைய அதேதான், ஆனால் நிலை 9-இலிருந்து 8 ஆகிவிட்டது. 8202 உடைந்துவிடும்.

நான்காவது வழியில்தான் விசா பறிபோவது அதிகம். மாஸ்டர்ஸையோ பட்டத்தையோ விட்டுவிட்டு, ஃபீஸ் குறைந்த சமையல் அல்லது மேனேஜ்மென்ட் டிப்ளமாவில் சேர்வது. இதைச் செய்யவே முடியாது என்பதில்லை. புதிய மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகு மாறலாம். இந்த வரிசைதான் முக்கியம். விண்ணப்பம் போட்டாலே போதும் என்று நினைத்துப் பழைய படிப்பிலிருந்து விலகினால், விசா கிடைக்கும் நாள் வரைக்கும் நீங்கள் நிபந்தனையை மீறியவர். புதிய விசா மறுக்கப்பட்டால், படிப்பில் தொடர்ந்தவருக்குப் பழைய விசா மிஞ்சும்; விலகியவருக்கு அதுவும் ஆட்டம் காணும். மறுக்கப்பட வாய்ப்பும் கணிசம்தான், ஏனென்றால் 2024 மார்ச் 23-இலிருந்து உண்மையான மாணவரா என்ற கேள்வியை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள், மாஸ்டர்ஸ் படிக்க வந்தவருக்கு நிலை 5 டிப்ளமா எதற்கு என்பதற்கு உருப்படியான பதில் வேண்டும். 2,000 டாலர் கட்டணமும், ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்டுவதும் இதில் சேரும்.

முன்பு சில ஏஜென்டுகள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள்: பட்டப்படிப்போடு கூடவே ஒரு டிப்ளமாவுக்கும் சிஓஇ எடுத்து, பிறகு பட்டத்தை மெல்லக் கைவிடுவது. 2023 ஆகஸ்ட் 26 அன்று அரசு அந்தக் கதவை முதல் ஆறு மாதத்துக்கு அடைத்துவிட்டது. ஆறு மாதம் கழித்து அப்படிச் செய்தாலும் 8202 அங்கேயேதான் இருக்கிறது. "சிஓஇ வந்துடுச்சு, அப்ப எல்லாம் ஓகேதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் விசா எந்த நிலைக்கானது என்று பார்ப்பது புதிய கல்லூரியின் வேலை இல்லை, சிஓஇ தாராளமாகக் கொடுப்பார்கள்.

எந்த வழியானாலும் விலகுவதற்கு முன் புதிய சிஓஇ கையில் இருக்க வேண்டும். முதலில் ஆஃபர், பிறகு (தேவைப்பட்டால்) ரிலீஸ், பிறகு சிஓஇ, அது வந்து 7 நாளுக்குள் பழைய கல்லூரிக்கு மின்னஞ்சல், கடைசியாக, நான்காவது வழியென்றால் புதிய விசாவும் கிடைத்த பிறகு, அவர்களுடைய படிவத்தில் முறையாக விலகல். புதிய ஃபீஸ் கட்டியாயிற்று என்று பழைய இடத்தைச் சும்மா விட்டுவிட்டால், அவர்கள் பாக்கி கேட்பார்கள், பிறகு சேர்க்கையை ரத்து செய்வார்கள், 31 நாளுக்குள் ப்ரிஸ்ம்ஸில் பதிவும் செய்வார்கள். நீங்கள் சொல்லாமல் போனவராகப் பதிவாகிவிடுவீர்கள்.

ஒருவேளை மீறல் நடந்துவிட்டால், விசா அன்றே போய்விடாது. ரத்து செய்ய யோசிக்கிறோம் என்று முதலில் நோட்டீஸ் வரும், பதில் தர ஒரு கெடு இருக்கும், காரணங்களைச் சொன்னால் அதிகாரி ரத்து செய்யாமல் விடவும் முடியும். ரத்தாகிவிட்டால் மேல்முறையீடு நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்கு, 2024 அக்டோபரிலிருந்து அதுதான் பழைய தீர்ப்பாயத்தின் இடத்தில் இருக்கிறது. அந்த நோட்டீஸ் விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். நம் ஊர் ஏஜென்ட் போட்ட விண்ணப்பங்களில் பலவற்றில் அது ஏஜென்டின் மின்னஞ்சலாகவே இருக்கும், அவர் பார்க்காவிட்டாலும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்பே, விசா விண்ணப்பம் போட்ட இமிஅக்கவுன்ட் என்ற இணையக் கணக்கில் எந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறதென்று பார்த்து, உங்களுடையதாக மாற்றிவிடுங்கள்.