வரிசை ஒப்புதலா, ஒரே நேர ஒப்புதலா?

சமூக ஊடகத்தில் போடவிருக்கும் தள்ளுபடி விளம்பரப் பதிவு ஒன்றை மார்க்கெட்டிங், விற்பனை, சட்டம், நிர்வாகம் என 4 பேர் பார்க்க வேண்டும். ஆளுக்கு 2 வேலை நாள்.

வரிசையாக அனுப்பினால் 8 நாள். அதைவிடப் பெரிய சிக்கல், மூன்றாவதாகப் பார்க்கும் சட்டப் பிரிவு “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்று சேர்க்கச் சொல்வதுதான். டிசைன் மாறும், முதல் இருவரிடமும் மறுபடி போகும். பதிவுகளைத் திட்டமிடும் காலண்டரில் “ஒப்புதலில்” என்று பல நாள் நிற்கும் பதிவு பெரும்பாலும் இப்படிச் சிக்கியதுதான்.

நால்வருக்கும் ஒரே நாளில் அனுப்பினால், கருத்துக்கு 2 நாள், திருத்தத்துக்கு 1, இறுதி ஒப்புதலுக்கு 1 என 4 நாளில் முடியும். ஆனால் விலையைப் பெரிதாகப் போடச் சொல்வார் விற்பனைக்காரர், லோகோவைப் பெரிதாக்கச் சொல்வார் மார்க்கெட்டிங்காரர். முடிவெடுப்பவர் இவர்தான் என்று காலண்டரில் ஒரே ஒரு பெயர் இல்லாவிட்டால் இந்த முறை வரிசையைவிட மோசம். எல்லாக் கருத்தும் ஒரே ஃபைலில் வரவேண்டும். வாட்ஸ்அப்பில் தனியாக வருவதை ஏற்கக் கூடாது.

வழக்கமான பதிவுகளுக்கு இரண்டாவது முறையே சரி. விலை, உத்தரவாதம், போட்டிப் பரிசு இருந்தால் மட்டும், டிசைனுக்கு முன்பே வெறும் வாசகத்தைச் சட்டப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதற்காகக் காலண்டரில் 2 நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.