சம்பளத்திலேயே தவணை பிடித்தம்: ஐந்து வருடம் கட்டி முடித்த பிறகு ஒரு கணக்கு

சம்பளம் வங்கிக்கு வருவதற்கு முன்பே தவணையைப் பிடித்துக்கொள்ளும் தனிநபர் கடன் ஒன்றை எடுத்து, முழுதாகக் கட்டி முடித்திருக்கிறேன். வட்டி எத்தனை சதவீதம், எத்தனை வருடம் என்பதெல்லாம் எடுக்கும்போதே விசாரித்துவிடுகிறோம். பிடித்தம் போகக் கைக்கு என்ன மிஞ்சும், சில மாதங்களில் அது ஏன் இவ்வளவு குறைகிறது என்பது கட்ட ஆரம்பித்த பிறகுதான் பிடிபடும். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். நாணயம் எதுவானாலும் விகிதம் மாறாது.

மொத்தச் சம்பளம் 50,000. வரி, ஓய்வூதியச் சேமிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து 6,000 பிடித்தம். அதாவது கடனுக்கு முன் கைக்கு வந்தது 44,000. கடன் 5 லட்சம், ஆண்டு வட்டி 12 சதவீதம், குறையும் அசலுக்கு வட்டி, 60 மாதம். தவணை 11,122. ஆக, கடனுக்குப் பின் வங்கியில் விழுந்தது 32,878.

கடன் கொடுப்பவர் தவணையை மொத்தச் சம்பளத்தோடு ஒப்பிட்டு, 'உங்கள் சம்பளத்தில் 22 சதவீதம்தானே' என்பார். கைக்கு வந்துகொண்டிருந்த 44,000-த்தோடு ஒப்பிட்டால் அது 25 சதவீதம். இந்த இரண்டுமே எனக்கு உதவவில்லை. வாடகை, மின்சாரம், பள்ளிக் கட்டணம், போக்குவரத்து என்று எதைச் செய்தாலும் குறையாத செலவு மாதம் 18,000 இருந்தது. அதைக் கழித்தால் முன்பு என் இஷ்டத்துக்குச் செலவழிக்கவோ சேமிக்கவோ 26,000 இருந்தது; கடனுக்குப் பின் 14,878. அந்தப் பகுதியிலிருந்து 43 சதவீதம் போய்விட்டது. ஒரே தவணைதான், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து 22, 25, 43 என்று மாறுகிறது. மாதக் கடைசியில் நாம் உணர்வது மூன்றாவது எண்ணை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொன்று. தவணை பிடிப்பதால் வரி குறையாது. வரி பெரும்பாலும் தவணையைக் கழிப்பதற்கு முந்தைய சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுகிறது. சில வகைக் கடன்களுக்குச் சலுகை இருக்கலாம்; சாதாரணத் தனிநபர் கடனுக்கு அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

சரி, நிரந்தரமாக 32,878 வந்துகொண்டிருந்தால் பழகிவிடலாம். பழகியும் விட்டேன். சிக்கல் சம்பளம் கொஞ்சம் ஏறி இறங்கும் மாதங்களில்தான். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. 30 நாள் மாதத்தில் ஐந்து நாள் போனால் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு குறையும்: 50,000 என்பது 41,667 ஆனது. மற்ற பிடித்தங்களும் அதே விகிதத்தில் குறைந்து 5,000 ஆனது. தவணை மட்டும் அசையவே இல்லை, அதே 11,122. கைக்கு வந்தது 25,545. வாடகை முதலான 18,000 போக 7,545 மிஞ்சியது. சம்பளம் குறைந்தது ஆறில் ஒரு பங்கு. செலவு போகக் கையில் மிஞ்சியதோ கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

இது என் சம்பளப் பிரிவு செய்த தவறு இல்லை. மாறாத பிடித்தம் ஒன்று நடுவில் உட்கார்ந்துவிட்டால், மேலே ஏற்படும் சின்ன மாற்றம் கீழே பெரிதாகித்தான் வரும். ஓவர்டைம், கமிஷன், ஷிப்ட் படி என்று சம்பளத்தில் மாறும் பகுதி அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் கடன் சரிப்படாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அவர்கள் நல்ல மாதத்துச் சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்குகிறார்கள், மோசமான மாதத்திலும் அதே தவணையைக் கட்டுகிறார்கள். கடந்த ஒரு வருடத்தில் மிகக் குறைவாக வந்த சம்பளம் எதுவோ அதை வைத்துத் தவணையைக் கழித்துப் பாருங்கள். அதிலும் வாடகை கட்ட முடிகிறதென்றால் எடுக்கலாம்.

விடுப்பு இன்னும் நீண்டு, மீதமுள்ள சம்பளம் தவணைக்கே போதாமல் போனால் என்ன ஆகும் என்று சம்பளப் பிரிவில் கேட்டேன். பிடித்தத்துக்கு உச்சவரம்பு இருந்தால் அதுவரை மட்டும் பிடிப்போம், மீதியை நீங்களே கடன் கொடுத்தவரிடம் கட்ட வேண்டும் என்றார்கள். இதை யாரும் போன் செய்து சொல்வதில்லை. சம்பளச் சீட்டில் கடன் பிடித்தம் என்ற வரியில் வழக்கத்தைவிடக் குறைந்த தொகை இருந்தால், அந்த மாதம் உங்கள் கடன் கணக்கில் பாக்கி விழுந்திருக்கிறது என்று பொருள்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. இரண்டு வருடம் கழித்து 8 சதவீதம் ஊதிய உயர்வு வந்தது. மொத்தம் 54,000, மற்ற பிடித்தம் 6,480, தவணை அதே 11,122. கைக்கு 36,398. அதாவது கைக்கு வந்தது 10 சதவீதத்துக்கும் மேல் கூடியது. முதல் வருடம் மூச்சு முட்டுவதும், போகப்போக இலகுவாவதும் இதனால்தான். அந்த நேரம் பார்த்து டாப்-அப் கடன் தருகிறோம் என்று அழைப்பு வரும். வாங்கினால் மறுபடி முதல் வருடம்தான்.

முதல் மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடன் பணம் வந்தது 11-ஆம் தேதி. அந்த மாதச் சம்பளப் பட்டியலை அதற்குள் முடித்துவிட்டார்கள், ஆகவே அந்த மாதம் தவணை பிடிக்கவில்லை, முழுச் சம்பளம் வந்தது. சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இடைப்பட்ட 20 நாளுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது: 5 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி சுமார் 164, மொத்தம் 3,288. அதை அடுத்த மாதத் தவணையோடு சேர்த்து 14,410 பிடித்தார்கள். கைக்கு வந்தது 29,590. முதல் பிடித்தம் ஒப்பந்தத்தில் உள்ளதைவிட அதிகமாக இருந்தால் பதற வேண்டாம், நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். பணம் தரும் தேதியைச் சம்பளப் பட்டியல் மூடும் நாளுக்கு முன்பாக வைத்துக்கொண்டால் இந்த இடைவெளி வராது.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம். சம்பளத்தில் பிடித்த அன்றே தவணை கட்டியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்போம். நிறுவனம் எல்லோருடைய பிடித்தத்தையும் சேர்த்து, ஒரு பட்டியலோடு கடன் கொடுத்தவருக்கு அனுப்புகிறது. அதற்குச் சில நாள் ஆகும். என் கடனுக்குக் கெடு 1-ஆம் தேதி. மாதக் கடைசி நாளில் பிடித்த பணம் ஒரு முறை 6-ஆம் தேதிதான் கணக்கில் வரவானது. தவணைத் தொகைக்கு ஐந்து நாள் வட்டி வெறும் 18 தான். ஆனால் தாமதக் கட்டணம் தனி, நம் கடன் வரலாற்றுப் பதிவில் தாமதம் என்று ஏறுவது அதைவிட மோசம். சம்பளச் சீட்டைக் காட்டிக் கட்டணத்தைத் திரும்ப வாங்கினேன். அப்புறம் கெடுவை 7-ஆம் தேதிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், மாற்றினார்கள். கடன் கணக்கின் அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்து, சம்பளச் சீட்டில் பிடித்த தொகை, வரவான தொகை, வரவான தேதி ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நழுவியது உடனே தெரிந்துவிடும்.

இரண்டு வருடம் முடிந்தபோது போனஸில் 60,000 எடுத்து அசலில் கட்டினேன். அப்போது பாக்கி அசல் 3,34,868. பாதிக்கு மேல் அடைந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த வட்டியில் அசல் பாதியாவது 35-ஆவது தவணைக்குப் பிறகுதான். முன்கூட்டிக் கட்டும்போது இரண்டு வழி உண்டு. தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்தால் ஏழு மாதம் முன்பே முடியும், வட்டியில் சுமார் 23,000 மிஞ்சும். காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால் அது 9,130 ஆகும், வட்டியில் மிஞ்சுவது பாதிதான், சுமார் 11,700.

காலத்தைக் குறைப்பதே லாபம் என்று எல்லோரும் சொன்னார்கள். வட்டிக் கணக்கில் அது உண்மை. நான் தவணையைக் குறைக்கச் சொன்னேன். விடுப்பு எடுத்த அந்த மாதம் இன்னொரு முறை வந்தால், எனக்குத் தேவைப்படுவது கடைசியில் மிஞ்சும் ஏழு மாதம் இல்லை, அந்த மாதமே கைக்கு வரும் கிட்டத்தட்ட 2,000. நல்ல மாதங்களில் அந்தப் பணத்தைத் தனியாக ஒதுக்கி, சேர்ந்ததும் அசலில் கட்டலாம். கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேமிப்பு மூன்று நான்கு மாதச் செலவுக்குத் தாங்கும் என்றால் நீங்கள் முதல் வழியைத் தேர்ந்தெடுப்பதே சரி. எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எதைக் குறைப்பது என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். புதிய தவணைத் தொகை சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். எனக்கு ஒரு மாதம் பழைய தொகையே பிடித்தார்கள், அதிகமானது அசலில் வரவானது.

கடன் முடியும்போதும் பிடித்தம் தானாக நிற்காது. கடைசித் தவணை போன பிறகு கடன் கணக்கில் சில்லறைப் பாக்கி நிற்கும், தாமதமாக வரவான நாட்களின் வட்டி அது. அதைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றை வாங்கி, அடுத்த சம்பளப் பட்டியல் மூடுவதற்குள் சம்பளப் பிரிவில் கொடுத்தேன். என்னோடு முடித்த சக ஊழியர் ஒருவர் சான்றைப் பட்டியல் மூடிய பிறகு கொடுத்ததால் ஒரு தவணை கூடுதலாகப் பிடிக்கப்பட்டது. பணம் கடன் கொடுத்தவரிடம் போய், அங்கிருந்து அவர் கணக்குக்குத் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது, வட்டி எதுவும் இல்லாமல்.