விரல் சைகைக்காக ஸ்மார்ட்வாட்ச் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கடையில் காட்டியபோது அருமையாக வேலை செய்தது. விற்பனையாளர் அசையாமல் நின்று மணிக்கட்டைத் தூக்கினார், திரை எரிந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு முறை தட்டினார், ஓடிக்கொண்டிருந்த டைமர் நின்றது. "சமைக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் வாட்சைத் தொடவே வேண்டாம்" என்றார். அதை நம்பித்தான் வாங்கினேன்.

வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து டைமர் போட்டால், மணியே அடிப்பதில்லை. அடிப்பிடித்த வாடை வந்தபின் பார்த்தால் டைமர் பாதியில் நின்றிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் மென்பொருள் கோளாறு என்றார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துக் கொடுத்துவிட்டுக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். மறுபடியும் அதேதான் நடந்தது.

காரணத்தை நானே சோதித்துக் கண்டுபிடித்தேன்: உப்புத் தூவுவது! வாட்சுக்கு நம் விரல்கள் தெரியாது. மணிக்கட்டின் அசைவையும், அடிப்பக்கத்து இதயத்துடிப்பு சென்சார் காட்டும் ரத்த ஓட்ட மாற்றத்தையும் வைத்துத்தான் விரல் தட்டியதாக ஊகிக்கிறது. உப்பை எடுத்து இரண்டு விரலையும் தேய்த்துத் தேய்த்து உதறினால், அதற்கு அது இரட்டைத் தட்டல் போலவே படுகிறது.

திரை அணைந்திருக்கும்போது என் வாட்ச் இந்தச் சைகையை ஏற்காது. ஆனால் பாத்திரத்துக்கு மேல் கையை நீட்டி மணிக்கட்டைத் திருப்பும்போது, நேரம் பார்க்கத் தூக்கியதாக நினைத்துத் திரை எரிந்துவிடுகிறது. அடுத்த நொடியே உப்பை உதறுகிறோம், டைமர் நிற்கிறது. வெறுங்கையால் உப்புத் தூவுவதுபோல் செய்து பார்த்தேன். திரை எரியும்போது டைமர் நின்றது, அணைந்திருக்கும்போது நிற்கவில்லை. வாட்ச் கட்டிய கையால் உப்புப் போடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை.

காரில் இது இன்னும் மோசம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மணிக்கட்டும் திரும்புவதால் இரவில் திரை கண்ணில் அடிக்கிறது. அழைப்பு வந்தாலோ திரை தானாகவே எரியும். அந்த நேரம் பார்த்து ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டேன், அழைப்பு எடுக்கப்பட்டுவிட்டது. காருக்குள் பேசியதெல்லாம் எதிர்முனைக்குக் கேட்டிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது இப்படி நடந்தால் அழைப்பு துண்டிக்கப்படும்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னதற்கு, "சைகை வேலை செய்கிறதே, பிறகென்ன?" என்று திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் சைகைகள் பகுதிக்குப் போய் இரட்டைத் தட்டலை அணைத்துவிடுங்கள். வண்டி எடுக்கும் முன் திரையரங்கு முறையைப் போட்டால், கை திரும்பினாலும் திரை எரியாது. ஆனால் அந்த முறையில் ஒலியும் நின்றுவிடும், அதிர்வு மட்டும்தான் வரும். அதனால் சமைக்கும்போது அதைப் போடாதீர்கள். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே டைமரை ஓடவிட்டு, உப்புத் தூவுவதுபோல் கையை அசைத்துப் பாருங்கள். திருப்பி எடுக்கும் நிபந்தனையில் ‘பழுது இருந்தால் மட்டும்’ என்று இருந்தால், இந்தக் குறைக்கு அது பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.