பில்லில் மரைன் பிளை, கதவுக்குள்ளே எம்.டி.எஃப்: கிச்சன் போடுகிறவர்கள் கவனிக்க

தருமபுரி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் மாடுலர் கிச்சனுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று இதைப் படியுங்கள். தருமபுரி டவுனில் ஒரு வீட்டில் நடந்தது. கடைப் பெயர் வேண்டாம், நடந்த விதம் தெரிந்தால் போதும்.

கொட்டேஷனில் இருந்தது ஒரே வரி: "மரைன் பிளை கிச்சன், மைக்கா ஃபினிஷ்." வேலை ஆரம்பித்த அன்று ஷீட்டின் மேல் இருந்த, மரைன் பிளைக்கான ஐ.எஸ். 710 தர முத்திரையையும் வீட்டம்மாவுக்குக் காட்டினார்கள். முத்திரை அசல்தான். ஆனால் அந்த ஷீட் மொத்தமும் கதவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரிப் பெட்டிக்குப் போய்விட்டது. கதவுகள் மட்டும் வெளியிலிருந்து ரெடிமேடாக வந்து இறங்கின. முன்னும் பின்னும் மைக்கா, ஓரத்தில் அதே நிறத்தில் பட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை.

ஐப்பசி மழை ஓய்வதற்குள் சிங்குக்குக் கீழே இருந்த இரண்டு கதவும் அடியில் வீங்கிவிட்டன. மைக்காவோடு சேர்த்து மேலே 20 எம்எம் இருந்த கதவு, அடி ஓரத்தில் 24. மைக்கா பிரிந்து வாய் பிளந்து நின்றது. கடைக்காரர் முதலில், "தண்ணி பட்டா வாரண்டி இல்லைங்க" என்றார். உள்ளே எம்.டி.எஃப் என்று காட்டிய பிறகு, "நம்ம ஊரு காஞ்ச ஊருங்க, கதவுக்கு அதுவே தாராளம்" என்றார்.

ஊர் காஞ்ச ஊர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் சிங்க் கதவைக் கெடுப்பது காற்றின் ஈரம் இல்லை. பாத்திரம் கழுவும்போது வழிகிற தண்ணீர் கதவின் முகத்தில் இறங்கி, அடி ஓரத்தில் சொட்டாகத் தொங்கி நிற்கும். எம்.டி.எஃப் என்பது மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை. ஈரம் ஏறினால் அழுந்திக் கிடந்த நார் விரிந்துகொள்ளும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அந்த வீட்டில் போன் கேமராவைக் கதவுக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. எட்ஜ் பேண்ட் என்கிற ஓரப் பட்டை மூன்று பக்கம்தான், அடிப்பக்கம் வெறும் பலகை. குனிந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்!

மைக்காவுக்கு உள்ளே இருக்கும் பலகை எது என்று கண்டுபிடிக்கக் கதவை உடைக்க வேண்டாம். கதவு தொங்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஹிஞ்சின் கப்பைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். கப் உட்காரும் 35 எம்எம் குழிக்கு மைக்காவும் இல்லை, பட்டையும் இல்லை. குழியின் சுவரில் டார்ச் அடித்தால் பிளைவுட் அடுக்கு அடுக்காகத் தெரியும். எம்.டி.எஃப் என்றால் ஒரே நிறத்தில், அடுக்கே இல்லாமல், நகத்தால் சுரண்டினால் மெத்தென்று தூள் உதிரும். பச்சையாக இருந்தால் "வாட்டர் ப்ரூஃப்" என்பார்கள். பச்சை வெறும் சாயம், அது எதற்கும் சாட்சி இல்லை. வெட்டுத் துண்டு ஒன்றை வாங்கி, கனத்தை அளந்து, ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். நாலு பக்கமும் திறந்த துண்டு என்பதால் இது கடுமையான சோதனைதான். ஆனாலும் சாதா எம்.டி.எஃப்புக்கும் ஈரம் தாங்கும் ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எம்.டி.எஃப்பே ஆகாது என்று சொல்லவில்லை. டிசைன் வெட்டி பெயின்ட் அடிக்கும் கதவுக்கு அதுதான் சரி. உயரமான லாஃப்ட் கதவில் பிளைவுட் வளைந்துகொள்ளும், அங்கேயும் ஈரம் தாங்கும் ஃபைபர் பலகை நேராக நிற்கும். சிங்க் கதவுக்கு மட்டும் 710 பிளை கேளுங்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக்கூடாது என்பது விதி.

கொட்டேஷனில் "பிளை கிச்சன்" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள். பெட்டிக்கு எது, கதவுக்கு எது என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எட்ஜ் பேண்ட் நாலு பக்கமும், கதவுக்கு 2 எம்எம், மெஷினில் ஒட்டியது என்றும் இருக்கட்டும். ஆசாரி கையால் ஒட்டும் பட்டையில் அழுத்தம் ஒரே சீராக விழாது; மூலையில் நகம் நுழைந்தால் தண்ணீரும் நுழையும். மெஷினில் ஒட்டினாலும் சாதா ஹாட்மெல்ட் பசை அடுப்பு, ஓவன் சூட்டுக்கு இளகும். சிங்க், அடுப்புப் பக்கத்துக் கதவுகளுக்காவது பி.யு.ஆர் பசை கேட்டு வாங்குங்கள். அது ஒருமுறை இறுகினால் சூட்டுக்குத் திரும்ப உருகாது.

வாக்குவாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிங்க் கதவு இரண்டையும் 710 பிளையில் மாற்றினார்கள், ஹிஞ்ச் பழையதே. கூலி மட்டும் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். மற்றக் கதவுகளை இறக்கி, நன்றாகக் காயவிட்டு, அடி ஓரத்துக்குப் பட்டை ஒட்டினார்கள். ஹிஞ்ச் குழிகளுக்கு பி.யு. சீலர் இரண்டு கோட், கைப்பிடி ஓட்டைகளுக்கு ஒரு சொட்டு சிலிக்கான். இந்த வேலையைக் கதவு மாட்டும் முன்பே செய்திருந்தால் அரை நாள்கூட ஆகியிருக்காது.