ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரியில் பங்கு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கால் பங்கு தருகிறேன் என்று ஒருவர் வந்தார், பேர் போடவில்லை. கையில் ஒரு தாள்: "சரிசெய்த லாபம் 62 லட்சம்". அதை ஐந்தால் பெருக்கி ஃபேக்டரியின் மதிப்பு 3.10 கோடி, கால் பங்குக்கு 77.5 லட்சம் என்றார். முன்பணமாக 2 லட்சம் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆடிட்டர் கணக்கைக் கொடுத்தார். அதில் வரிக்கு முந்தைய லாபம் 31 லட்சம்.

மீதி 31 எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் ஒரு தடவைச் செலவுங்க, அடுத்த வருஷம் வராது" என்றார். பாய்லர் ரிப்பேர் 9, மகாராஷ்டிரா வியாபாரிகளிடம் நின்றுபோன வாராக் கடன் 12, மழையில் இடிந்த கழிவுநீர்த் தொட்டிச் சுவர் 10. இந்த மூன்றையும் லாபத்தில் திரும்பக் கூட்டியிருக்கிறார்.

சரி, முந்தைய இரண்டு வருடக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாய்லர் ரிப்பேர் 6, 8. வாராக் கடன் 10, 11. வருடா வருடம் வருகிற செலவு எப்படி ஒரு தடவைச் செலவாகும்? கடனுக்குச் சரக்கு விற்கிற தொழிலில் கொஞ்சம் பணம் நிற்கத்தான் செய்யும், அதுவும் தொழிலின் செலவுதான். அமெரிக்காவில் பங்குச் சந்தை ஆணையத்தின் விதியே இருக்கிறது: கடந்த 2 வருடத்துக்குள் அதுபோன்ற செலவு வந்திருந்தாலோ, அடுத்த 2 வருடத்துக்குள் வர வாய்ப்பிருந்தாலோ, அதை 'மீண்டும் வராதது' என்று சொல்லி லாபத்தில் திரும்பக் கூட்டக் கூடாது. நம் ஊர்ப் பங்குதாரர் ஃபேக்டரியை அந்த விதி கட்டுப்படுத்தாது, ஆனால் அளவுகோல் நல்ல அளவுகோல். அதன்படி தொட்டிச் சுவர் மட்டும்தான் தேறியது, அந்தச் செலவு முந்தைய கணக்குகளில் இல்லை.

இதைவிட முக்கியம், அவர் எதைக் கழிக்காமல் விட்டார் என்பது. பழைய லாரியை விற்றதில் வந்த 5 லட்சம் 'இதர வருமானம்' என்ற வரியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. செலவு என்றால் ஒரு தடவை, வரவு என்றால் நிரந்தரமா? அப்புறம் ஃபேக்டரியை முழுநேரமும் பார்ப்பது அவருடைய தம்பி, கணக்கில் சம்பளமே கிடையாது. நாளைக்கு அவர் விலகினால் மேனேஜருக்கு வருடம் 6 லட்சமாவது வேண்டும்.

ஆக 31 உடன் சுவர் 10 கூட்டி, லாரி 5, சம்பளம் 6 கழித்தால் 30 லட்சம். அவர் சொன்ன அதே ஐந்து மடங்கில் கால் பங்கு 37.5 லட்சம். கேட்டதோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். (மரவள்ளி விலை ஏறி இறங்குகிற தொழிலில் ஒரே வருட லாபத்தை வைத்து விலை பேசுவதே சரியில்லை, மூன்று வருட சராசரியாவது எடுக்க வேண்டும். அது தனிச் சண்டை.)

இந்தக் கணக்கைக் காட்டியதும், "இஷ்டமில்லேன்னா விடுங்க" என்று போனை வைத்துவிட்டார். முன்பணம் இன்னும் வரவில்லை. அதே தாளை இப்போது தலைவாசல் பக்கம் வேறு ஆட்களிடம் காட்டுகிறாராம். உங்களிடமும் 62 லட்சம் என்று போட்ட தாள் வந்தால், ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் ஆடிட்டர் கையெழுத்திட்ட மூன்று வருடக் கணக்கையும் வாராக் கடன் லெட்ஜரையும் கேளுங்கள்.