தேனீ நடனமும் மூன்று மென்பொருள்களும்: ஒரே ஸ்லைடு கோப்போடு மூன்று வருடம்

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்புப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அருமனை, குலசேகரம், திருவட்டாறு என்று ரப்பர் தோட்டம் உள்ள ஊர்களில்தான் அதிகமும் கூப்பிடுவார்கள். மூன்று வருடமாக ஒரே ஸ்லைடு கோப்பைத்தான் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறேன். மொத்தம் 38 ஸ்லைடு. அதில் மூன்று வீடியோ, அப்புறம் தேனீயின் எட்டு வடிவ நடனத்தைக் காட்டும் ஒரு அனிமேஷன். வீட்டில் பவர்பாயிண்டில் செய்கிறேன். போகிற இடத்தில் சிலர் லினக்ஸில் லிப்ரெ ஆபிஸ் இம்ப்ரெஸ் வைத்திருப்பார்கள், சிலர் கூகுள் ஸ்லைட்ஸ் லிங்க் கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் கோப்பை நகர்த்தியதில் எது தாங்கியது, எது உடைந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் உடைந்தது தமிழ் எழுத்து. இம்ப்ரெஸில் திறந்ததும் "அடைகாக்கும் அறை" என்ற தலைப்பு இரண்டு வரியாகி, கீழே இருந்த பெட்டிப் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் எந்த எழுத்துருவையும் தேர்ந்தெடுக்கவே இல்லையே என்று குழம்பினேன். காரணம் அதுதான். பவர்பாயிண்ட் தீமுக்குள் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு எழுத்துரு குறித்து வைத்திருப்பார்கள். கோப்பைப் பிரித்துப் பார்த்தால் தமிழுக்கு இப்படி ஒரு வரி இருக்கும்:

```
<a:font script="Taml" typeface="Latha"/>
```

லதா விண்டோஸுக்கான எழுத்துரு. லினக்ஸில் அது கிடையாது. அங்கே இருக்கிற வேறு ஏதாவது தமிழ் எழுத்துரு அந்த இடத்தில் வந்துவிடும். தமிழில் எழுத்துருவுக்கு எழுத்துரு அகலம் நிறையவே மாறும், அதனால் வரி மடங்கும். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எழுத்து பெட்டிக்குள் அடங்காதபோது பவர்பாயிண்ட் தானாகச் சுருக்குமே, அந்தச் சுருக்கத்தை `fontScale="92500"` என்று, அதாவது 92.5 சதவீதம் என்று, கோப்பில் எழுதி வைக்கும். அந்த அளவு லதாவுக்குப் போட்ட கணக்கு. வேறு எழுத்துரு வந்தாலோ, திறக்கிற மென்பொருள் தன் போக்கில் கணக்குப் போட்டாலோ பொருந்தாது.

இதற்கு நான் செய்ததும் எழுத்துருவில்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும், கூகுள் ஸ்லைட்ஸ் எழுத்துருப் பட்டியலிலும் உண்டு. என் விண்டோஸில் மட்டும் இறக்கி நிறுவிக்கொண்டேன். ஸ்லைடு மாஸ்டருக்குப் போய்த் தலைப்புக்கும் உடல் எழுத்துக்கும் அதையே வைத்தேன். எழுத்துப் பெட்டிகளில் `Do not Autofit` கொடுத்து, வலப்பக்கம் கொஞ்சம் இடம் காலியாக விட்டேன். அதற்குப் பிறகு தலைப்பு எங்கேயும் மடங்கவில்லை. பழைய பாமினி எழுத்துருவில் ஸ்லைடு வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாமினி இல்லாத கணினியில் "அம்மா" என்பது `mk;kh` என்றுதான் தெரியும்.

அடுத்து வீடியோ. இதில்தான் ஒரு வகுப்பே கெட்டது. ரப்பர் துளிர்க்கும் காலத்தில் பெட்டியைத் திறந்து, சட்டத்தைத் தூக்கி, ராணியைத் தேடுவதைப் போனில் எடுத்திருந்தேன். வீட்டில் நன்றாக ஓடியது. பயிற்சி நடந்த இடத்திலும் விண்டோஸ்தான், பவர்பாயிண்ட்தான். ஆனால் கணினியைப் பார்த்துக்கொண்ட தங்கச்சி, "சார், சத்தம் வருது, படம் வரல" என்று சொல்லிவிட்டாள். திரை முழுக்கக் கறுப்பு, தேனீக்களின் ரீங்காரம் மட்டும் கேட்கிறது.

சத்தம் வந்து படம் கறுப்பாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் முறையை. இப்போதைய போன்கள் பல, இடம் மிச்சம் பிடிக்க ஹெச்.265 முறையில் பதிவு செய்கின்றன. அதைப் பிரித்துக் காட்டும் நீட்டிப்பு என் மடிக்கணினியில் இருந்தது, அங்கே இல்லை. கோப்பின் பெயர் இரண்டு இடத்திலும் `.mp4` என்றுதான் முடியும், அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ffmpeg என்ற இலவசக் கருவியை நிறுவி, கட்டளை வரியில் இப்படிக் கேட்டால் தெரியும்:

```
ffprobe -v error -select_streams v -show_entries stream=codec_name -of csv=p=0 petti.mp4
```

`hevc` என்று வந்தால் மாற்ற வேண்டும், `h264` என்று வந்தால் சரி. மாற்றுவதும் ஒரே வரிதான்:

```
ffmpeg -ss 12 -to 52 -i petti.mp4 -vf scale=-2:720 -c:v libx264 -pix_fmt yuv420p -c:a aac petti720.mp4
```

இதில் `-ss 12 -to 52` என்பது 12வது வினாடியிலிருந்து 52வது வினாடி வரை மட்டும் போதும் என்று சொல்வது. முன்பெல்லாம் வீடியோவை பவர்பாயிண்டுக்குள்ளேயே வெட்டுவேன். அங்கே வெட்டினால் முழு வீடியோவும் கோப்புக்குள் அப்படியே இருக்கும், எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் சேரும். அந்தக் குறிப்பு மற்ற மென்பொருளுக்குப் போய்ச் சேரும் என்று நம்பி இருக்க முடியாது. வெளியிலேயே வெட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கவலை இல்லை. 720 அளவுக்குக் குறைப்பதால் கோப்பும் சிறுக்கும். கூகுள் ஸ்லைட்ஸாக மாற்ற 100 எம்பிக்கு மேல் கோப்பு இருக்கக் கூடாது என்பதால் எனக்கு இது தேவையாகவும் இருந்தது.

லினக்ஸில் இன்னொரு படி உண்டு. இம்ப்ரெஸ் தானாக வீடியோவைப் பிரிப்பதில்லை, ஜிஸ்ட்ரீமர் என்ற வேறு மென்பொருளிடம் கொடுக்கிறது. அதற்கு வேண்டிய துணை இல்லாவிட்டால் ஹெச்.264கூட ஓடாது. உபுண்டுவில் இதை நிறுவினால் ஓடும்:

```
sudo apt install gstreamer1.0-libav
```

கூகுள் ஸ்லைட்ஸின் வழியே வேறு. இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன், இரண்டு தடவையும் வீடியோ இருந்த இடத்தில் அதன் நின்ற படம் மட்டும்தான் இருந்தது. அதனால் வீடியோவைத் தனியாக டிரைவில் ஏற்றி, `Insert` பட்டியலில் `Video` வழியாக அதே இடத்தில் அதே அளவில் வைத்தேன். வீடியோவின் பகிர்வு அனுமதியைத் தனியாகத் திறந்துவிட வேண்டும். ஸ்லைடை மட்டும் பகிர்ந்தால் மற்றவர் கணக்கில் வீடியோ ஓடாது. இணையமும் வேண்டும், மலையோர ஊர்களில் அதை நம்பிப் போக முடியாது. மூல வீடியோ கையில் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், `.pptx` என்பது ஒரு ஜிப் கோப்புதான். பிரதி எடுத்து, பெயரின் கடைசியை `.zip` என்று மாற்றித் திறந்தால் `ppt/media` கோப்புறைக்குள் எல்லா வீடியோவும் இருக்கும்.

இனி நடனம். எனக்கு இந்த ஸ்லைடின் மேல் தனிப் பிரியம் உண்டு. பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ, அடையின் மேல் உடலை ஆட்டிக்கொண்டு ஒரு நேர்கோட்டில் ஓடும், பிறகு வலப்பக்கம் சுற்றி வந்து மறுபடி ஓடும், அடுத்து இடப்பக்கம் சுற்றும். அந்த நேர்கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, சூரியன் இருக்கும் திசையிலிருந்து அவ்வளவு விலகிப் போக வேண்டும் என்று பொருள். கார்ல் வான் பிரிஷ் கண்டறிந்தது இது, 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாயால் விளக்கினால் ஐந்து நிமிடம் ஆகும், தேனீ ஓடுவதைக் காட்டினால் உடனே புரிந்துவிடும். அதற்காக ஒரு தேனீப் படத்துக்கு மோஷன் பாத் போட்டு, `Until End of Slide` என்று திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தேன்.

இம்ப்ரெஸில் அது அப்படியே ஓடியது. பாதை, வேகம், திரும்ப ஓடுவது எல்லாம் வந்தது. கூகுள் ஸ்லைட்ஸில் வரவில்லை. அங்கே தோன்றுவது, மறைவது, மங்குவது, பறந்து வருவது, பெரிதாவது, சுழல்வது என்று சில வகைதான் உண்டு. பாதையில் நகர்த்தும் வகை இல்லாததால் மாற்றும்போது அது உதிர்ந்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. பயிற்சியில் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "என்ன மக்கா, ஆடும்ணு சொன்ன ஈ அனங்கவே இல்லியே" என்று கேட்ட பிறகுதான் நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

தேனீயை ஒவ்வொரு இடமாக வைத்துப் பத்து ஸ்லைடு செய்து பார்த்தேன். ஓடுகிற உணர்வு வரவில்லை. கடைசியில் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் தனிக் கோப்பில் எடுத்து, பவர்பாயிண்டில் `Export` போய் வீடியோவாக்கி, அதை ஜிஃப் படமாக மாற்றினேன்:

```
ffmpeg -i nadanam.mp4 -vf "fps=12,scale=640:-1" nadanam.gif
```

ஜிஃப் மூன்று மென்பொருளுக்கும் சாதாரணப் படம்தான், அதனால் மூன்றிலும் ஆடுகிறது. இணையம் இல்லாவிட்டாலும், கோடெக் இல்லாவிட்டாலும் ஆடும். இழந்தது ஒன்று உண்டு: கிளிக் செய்து நிறுத்தி, சாய்வுக் கோணத்தை அளந்து காட்ட முடியாது. அதற்காகக் கோணம் வரைந்த நின்ற படம் ஒன்றை அடுத்த ஸ்லைடில் வைத்திருக்கிறேன்.

ஒரு ஸ்லைடில் உள்ள பொருள் நகர்ந்து அடுத்த ஸ்லைடின் தோற்றத்துக்கு மாறுவதுபோலக் காட்டும் பவர்பாயிண்டின் மார்ஃப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியின் வெளித்தோற்றம் உள்தோற்றமாக மாறும் ஒரு ஸ்லைடில் அதைப் பயன்படுத்தியிருந்தேன். கோப்புக்குள் மார்ஃபோடு ஒரு மாற்று ஏற்பாடும் எழுதப்பட்டிருக்கும். மார்ஃப் தெரியாத மென்பொருள் அந்த இடத்தில் வெறும் மங்கல் மாற்றத்தைக் காட்டும். உடைந்ததாகத் தெரியாது, ஆனால் பலகை நகர்ந்து விலகுவதும் தெரியாது. தோற்றத்துக்காகப் போட்ட இடங்களில் அப்படியே விட்டுவிட்டேன், பொருளே நகர்வில் இருந்த இந்த ஒரு ஸ்லைடை மட்டும் ஜிஃப் ஆக்கினேன்.

எனக்கு அதிக நேரத்தைத் தின்றது இவை எதுவும் இல்லை, கோப்பைத் திரும்பக் கொண்டுவந்ததுதான். ஒரு வகுப்பின் இடைவேளையில் இம்ப்ரெஸிலேயே இரண்டு வரி திருத்தி, `.pptx` ஆகவே சேமித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். பவர்பாயிண்டில் ஒரு மாஸ்டர், அதன் கீழ் பல லேஅவுட் என்று இரண்டு அடுக்கு உண்டு. இம்ப்ரெஸில் ஒரே அடுக்கு, அதனால் நான் பயன்படுத்திய லேஅவுட் ஒவ்வொன்றும் தனி மாஸ்டராகிவிட்டது. திரும்பி வந்த கோப்பில் ஒரு மாஸ்டருக்குப் பதில் நான்கு இருந்தன. அடிவரியை ஒரு இடத்தில் மாற்றினால் நாலில் ஒரு பங்கு ஸ்லைடில்தான் மாறும். எல்லாவற்றையும் பழைய மாஸ்டருக்குத் திருப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அன்றிலிருந்து திருத்தம் எதுவானாலும் வீட்டிலுள்ள மூலக் கோப்பில் மட்டும்தான். வகுப்பில் யாராவது பிழை சொன்னால் ஸ்லைடு எண்ணோடு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். கிளம்பும்போது பென்டிரைவில் மூலக் கோப்பு, எழுத்துரு, மூன்று வீடியோ, இரண்டு ஜிஃப் எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கும். போய்ச் சேர்ந்ததும் காட்சி நிலையில் நான்கு ஸ்லைடைத்தான் ஓட்டிப் பார்ப்பேன்: நீளமான தலைப்பு உள்ள 6, வீடியோ உள்ள 14, 23, அப்புறம் நடனம் உள்ள 29. திருத்தும் நிலையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும், வீடியோ ஓடுமா என்பது அங்கே தெரியாது.